விருப்ப ஓய்வும் 23 மாதக் கணக்கும்

ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்தக் காலத்தில் விருப்ப ஓய்வுத் திட்டம் பலமுறை பிரகடனமாயிற்று. டைம் ஆபீஸ் பலகையில் சுற்றறிக்கை ஒட்டப்பட்ட மறுநாளே எங்கள் ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் கூடிவிடும், வந்தவர்கள் அனைவரும் முதலில் கேட்ட கேள்வி, “எனக்கு எவ்வளவு வரும்?” என்பதே. “வாங்கிக்கொண்டு போகலாமா?” என்ற இரண்டாவது கேள்வியைச் சிலர் மட்டுமே கேட்டார்கள், அதையும் மற்றவர்கள் கலைந்து போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள். முதல் கேள்விக்கு விடை சொல்ல விதி இருக்கிறது. இரண்டாவதற்கு விதி எதுவும் இல்லாதபடியால், ஆட்களின் குடும்ப நிலைமையையும் ஆலையின் நிலைமையையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் ஒரு கணக்கை நாளடைவில் நானே வகுத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே விவரமாகச் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில், எந்தத் தொகையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நிர்வாகம் கொடுக்கும் கணக்குத் தாளில் பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, ஈட்டிய விடுப்புக்கான சம்பளம், எக்ஸ்கிரேஷியா என்னும் கருணைத் தொகை ஆகிய நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் ஒரு பெரிய கூட்டுத்தொகையைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். முதல் மூன்றும் தொழிலாளி ஏற்கெனவே சம்பாதித்து வைத்தவை. அவன் இன்று போனாலும், ஓய்வு பெறும் வயதில் போனாலும், அவை அவனுடையவையே. வேலையை இப்போதே விட்டுவிடுவதற்கு நிர்வாகம் புதிதாகக் கொடுக்க முன்வரும் விலை நான்காவது வரியில் மட்டுந்தான் இருக்கிறது. ஆகையால் யார் தாளை நீட்டினாலும், மற்ற மூன்று வரிகளையும் கையால் மறைத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் முதலில் படிக்கச் சொல்வது என் வழக்கமாக இருந்தது.

அந்த வரியில் உள்ள எண் எப்படிப் பிறக்கிறது என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் உண்டு. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்கு 1988 அக்டோபரில் வந்த உத்தரவு, பூர்த்தியான ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் ஒன்றரை மாதச் சம்பளம், அல்லது எஞ்சியிருக்கும் மாதங்களுக்கான சம்பளம், இவற்றில் எது குறைவோ அது என்று விதித்தது. 2000 மே மாதத்தில் அந்த முறை விரிவாக்கப்பட்டது: தன் உபரியிலிருந்தே பணம் கொடுக்க வல்ல நிறுவனம் ஆண்டுக்கு 60 நாள் சம்பளம் வரையில் கொடுக்கலாம், அந்த வசதியில்லாதவை 45 நாள் முறையையோ, குஜராத் முறை என்று வழங்கும் மற்றொன்றையோ பின்பற்றலாம் என்று ஏற்பாடு ஆயிற்று. குஜராத் முறையில், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள், மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் என்று இரண்டையும் கூட்டிக்கொள்வார்கள். எந்த முறையானாலும் கடைசியில் ஒரு வேலி உண்டு. கூட்டி வந்த தொகை, எஞ்சிய காலத்துக்கு அவன் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைத் தாண்டக்கூடாது. 2000-2001இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறியபோது கையாளப்பட்டது 60 நாள் முறை. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் விடைபெற்றபோது கையாளப்பட்டது குஜராத் முறை.

எங்கள் ஆலையில் நான் கடைசியாகக் கண்ட திட்டமும் குஜராத் முறையில் அமைந்ததே. அப்போது கருவி அறையில் வேலை பார்த்த டர்னர் ஒருவர் தம் தாளோடு வந்தார். வயது 50, முடித்த சேவை 26 ஆண்டுகள், எங்கள் ஆலையில் ஓய்வு வயது 58 ஆதலால் எஞ்சியவை 8 ஆண்டுகள், அதாவது 96 மாதங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய். மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 2,000. முடித்த 26 ஆண்டுகளுக்கு 35 வீதம் 910 நாள். மீதமுள்ள 8 ஆண்டுகளுக்கு 25 வீதம் 200 நாள். ஆக 1,110 நாள். தொகை 22,20,000 ரூபாய். வேலியோ 96 மாதத்துக்கு 57,60,000. அது வெகு தூரத்தில் இருந்தபடியால் 22 லட்சத்து 20 ஆயிரமே அவருக்குரியது.

“சார், இருபத்திரண்டு லட்சம்னு போட்டிருக்கே, இவ்வளவு பணத்தை நான் மொத்தமாப் பார்த்ததே இல்லை” என்றார் அவர். உண்மைதான். ஆனால் அந்த எண்ணை மாதங்களாக மாற்றிச் சொன்னபோது அவர் முகம் மாறிற்று. 1,110 நாள் என்பது 37 மாதம். 96 மாதத்தை விட்டுக்கொடுக்கிறவருக்கு 37 மாதச் சம்பளம் கிடைக்கிறது. அதுவும் எந்தச் சம்பளம்? திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வது அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப் படி, ஊக்க ஊதியம், இரவு ஷிப்டுப் படி எல்லாம் சேர்த்து அவர் மாதந்தோறும் வாங்கிவந்தது 78,000 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் 22,20,000 என்பது இருபத்தெட்டரை மாத வருமானத்துக்குச் சற்றுக் குறைவு. பெரிய தொகை எதையும் நாளாகவோ ரூபாயாகவோ எண்ணாமல், தன் வீட்டுக்கு வரும் மாத வருமானத்தால் வகுத்துப் பார்த்தாலன்றி அதன் உண்மையான அளவு புலப்படுவதில்லை.

குஜராத் முறையில் மற்றொரு நுட்பம் உண்டு. “இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு அடுத்த திட்டத்தில் போனால் அதிகம் கிடைக்குமே” என்று பலர் எண்ணுவார்கள். ஓர் ஆண்டு கூடினால் முடித்த சேவைப் பக்கம் 35 நாள் ஏறுகிறது. ஆனால் எஞ்சிய காலப் பக்கம் 25 நாள் இறங்கிவிடுகிறது. ஆகவே நிகரமாகக் கூடுவது 10 நாள் சம்பளமே. நம் டர்னர் விஷயத்தில் 20,000 ரூபாய். இடையில் ஏறும் பஞ்சப்படியும் இன்கிரிமென்டும் அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் என்பது வேறு விஷயம். 45 நாள், 60 நாள் முறைகளில் இப்படி இறங்கும் பக்கம் கிடையாது. அங்கே ஓர் ஆண்டு பொறுத்தால் முழு 45 நாளோ 60 நாளோ கூடும், வேலியைத் தொடும்வரையில். அந்த வேலி எப்போது குறுக்கிடும் என்பதையும் சுலபமாகச் சொல்லிவிடலாம்: 60 நாள் முறையில் சேவை ஆண்டுகளை 6ஆல் வகுத்து வருவது எத்தனையோ, எஞ்சிய ஆண்டுகள் அதற்குக் கீழே போனதும் வேலி தொடங்கும், 45 நாள் முறையில் 8ஆல் வகுக்க வேண்டும், குஜராத் முறையில் ஏறக்குறைய ஒன்பதரையால்.

வேலிக்கு உட்பட்டவர்களின் நிலைமை டர்னரின் நிலைமைக்கு நேர் எதிரானது. அதே வாரத்தில் ஸ்டோர்ஸ் பிரிவைச் சேர்ந்த மூத்த எழுத்தர் ஒருவர் வந்தார்; வயது 56, சேவை 32, அதே 60,000 சம்பளம். அவருக்கு 35 வீதம் 1,120 நாளும், 25 வீதம் 50 நாளும் சேர்ந்து 1,170 நாள், அதாவது 39 மாதம் வருகிறது. ஆனால் எஞ்சியிருப்பது 24 மாதம். வேலி குறுக்கிட்டு, தொகை 24 மாதத்துக்கான 14,40,000 ரூபாயாக நின்றுவிட்டது. “முப்பத்தொன்பது மாசத்தை இருபத்திநாலா வெட்டிட்டாங்களே” என்று அவர் மனம் வருந்தினார். என் அபிப்பிராயம் அதற்கு மாறானது. வேலை செய்யாமலே இரண்டு ஆண்டின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் முன்கூட்டி மொத்தமாகக் கிடைக்கிறது. இழப்பது படிகளையும், நிர்வாகத்தின் வைப்பு நிதிப் பங்கையும், பணிக்கொடையில் இரண்டு ஆண்டின் பங்கையும் மட்டுமே. ஆரோக்கியம் குன்றியிருந்த அவருக்குக் காலை ஷிப்டுக்கு ஓடுவதே சிரமமாக இருந்த சமயம் அது. வாங்கிக்கொள்ளச் சொன்னேன், வாங்கிக்கொண்டார். நம்பிக்கையோடு அப்படிச் சொல்வதற்கு எனக்குத் துணையாக நின்றது, எங்கள் ஆலையில் அப்போது சம்பள உடன்படிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்பதே. அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டர்னருக்குத் திரும்புவோம். எண்ணைச் சரிபார்க்கும் வேலையில் எப்போதும் தகராறு பிறக்கும் இடம் சேவை ஆண்டுகள்தான். சர்வீஸ் ரிஜிஸ்டரில் முதல் பக்கத்தில் உள்ள நியமனத் தேதியிலிருந்து தொழிலாளி எண்ணுகிறார். பயிற்சிக் காலத்தைத் தள்ளிவிட்டு, நிரந்தரமான தேதியிலிருந்து அலுவலகம் எண்ணுகிறது. சம்பளமில்லா விடுப்பும், வேலை நிறுத்த நாட்களும், தற்காலிக நீக்கத்தில் கழிந்த மாதங்களும் சில திட்டங்களில் கழிக்கப்படுகின்றன. பூர்த்தியான ஆண்டுகளுக்கு மட்டுமே தொகை என்று விதி இருந்தால், 25 ஆண்டும் 11 மாதமும் 25 ஆண்டுதான். இன்னொன்று வகுக்கும் எண். பணிக்கொடை விதி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கச் சொல்கிறது; விருப்ப ஓய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் 30ஆல் வகுக்கின்றன. தனியார் நிறுவனங்களின் திட்டங்களில் எது என்பது சில சமயம் எழுதப்படாமலே இருக்கும். நம் டர்னருக்கு 26ஆல் வகுத்திருந்தால் தொகை 25,61,500 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். வித்தியாசம் மூன்று லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேல். ஆகையால் சுற்றறிக்கையில் ‘சம்பளம்’, ‘நாள்’, ‘பூர்த்தியான ஆண்டு’ என்னும் மூன்றுக்கும் என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் கையெழுத்துக்குப் பேனாவை எடுக்கலாகாது.

அடுத்தது கழிவுகள். விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும், வருமான வரிச் சட்டத்தின் நிபந்தனைகளுக்குத் திட்டம் உட்பட்டிருந்தால், வரி விலக்கு உண்டு. அந்த விலக்கை ஒருவர் ஆயுளில் ஒரே முறைதான் பெற முடியும். மிச்சம் 17,20,000 ரூபாய், அந்த ஆண்டின் சம்பள வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். இதனால் விடுவிக்கப்படும் தேதி முக்கியமாகிறது. ஜனவரியிலோ மார்ச்சிலோ விடுவிக்கப்பட்டால், பல மாதச் சம்பளத்தின் மேல் இந்தத் தொகையும் ஏறி உட்கார்ந்து உயர்ந்த விகிதத்தில் வரி கட்ட நேரும். ஏப்ரலில் விடுவிக்கப்பட்டால் அந்த ஆண்டில் வேறு சம்பளம் அதிகமிராது. மார்ச்சில் விலகிவிட்டு, பணத்தை மட்டும் ஏப்ரலில் வாங்கிக்கொண்டால் போதும் என்று சிலர் எண்ணுவதுண்டு; சம்பள வகை வருமானத்துக்குப் பணம் கைக்கு வந்த நாள், அது வரவேண்டியதான நாள் இரண்டில் முந்தியதே கணக்கு ஆதலால் அந்த யோசனை பலிக்காது. தேதியை மாற்ற நிர்வாகம் இசைந்தால் கேட்டுப் பார்க்கலாம். இசையாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

வரிக்குப் பின் கடன்கள். இந்த விஷயத்தில் தொழிலாளர்கள் அடைந்த திகைப்பை நான் நேரில் கண்டிருக்கிறேன். டர்னரின் தாளில் வரி போக ஏறக்குறைய 20 லட்சம் நின்றது. மகள் கலியாணத்துக்காகக் கூட்டுறவுச் சிக்கன சொசைட்டியில் வாங்கிய கடனில் பாக்கி 3,40,000. வீடு கட்ட வாங்கிய முன்பணத்தில் பாக்கி 2,10,000. இரண்டையும் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது பதினான்கரை லட்சம். அவர் மறந்தே போயிருந்த வேறொன்றும் இருந்தது: சக தொழிலாளி ஒருவரின் சொசைட்டிக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். வேறு ஜாமீன்தாரர் கிடைக்கும்வரை சொசைட்டி நிலுவையில்லாச் சான்று தராது. அந்தச் சான்று இல்லாமல் பணப் பட்டியல் நகராது. இதை விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொண்டால், விலகிய பிறகு வருமானமில்லாமல் மாதக்கணக்கில் அலையும் அவலம் நேராது.

பணம் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியை எழுப்பியவர் அவருடைய மனைவி. மறுநாள் அவரும் உடன் வந்திருந்தார். “அண்ணா, கடன் போக வீட்டுச் செலவு மாசம் நாப்பதாயிரம் ஆகுது. இது எவ்வளவு நாளுக்கு வரும், அதை மட்டும் சொல்லுங்க” என்றார். பதினான்கரை லட்சத்தை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் போட்டு, மாதம் 40,000 எடுத்தால், 41 மாதத்தில் அது தீர்ந்துவிடும். அவர் கணவருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்றரை ஆகியிருக்கும். பணிக்கொடையான 9 லட்சத்தையும் அதோடு சேர்த்துவிட்டால் 72 மாதம், 56 வயது வரை. இதெல்லாம் விலைவாசி சற்றும் ஏறாது என்ற பாவனையில் போட்ட கணக்கு. அதன்பின் வைப்பு நிதியில் கைவைக்க வேண்டும். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் ஓய்வூதியம் 58 வயதில்தான் முழுமையாக வரும். 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்றாலும், முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் குறைவு ஆயுள் பரியந்தம் நீடிக்கும். ஆகவே வேறு கதியில்லாதவர் தவிர மற்றவர் அதைத் தொடலாகாது.

ஆனால் இதே கணக்கில் வெளிச் சம்பாத்தியம் என்ற ஒன்றை நுழைத்தால் எல்லாம் தலைகீழாகிறது. வெளியே ஒரு பட்டறையில் மாதம் 25,000 கிடைத்து, பணத்திலிருந்து 15,000 மட்டும் எடுத்தால் போதும் என்ற நிலையானால், 41 மாதத்தில் கரையவேண்டிய அதே பதினான்கரை லட்சம் பன்னிரண்டு ஆண்டு அளவுக்கு நீடிக்கிறது. ஆகையால், தொகை பெரிதா சிறிதா என்பதைக் காட்டிலும், மறுவேலைக்கு உறுதி உண்டா என்பதே குடும்பத்தைக் காப்பாற்றுவது. சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறைகளுக்கு நேரில் போய், என்ன கூலி கொடுப்பார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். ஆலை நிழலில் நின்றுகொண்டு ‘கைத்தொழில் தெரிந்தவனுக்கு வேலைக்கா பஞ்சம்’ என்று நினைப்பது ஒன்று. ஐம்பது வயதில் வாசலில் போய் நின்று கேட்பது வேறொன்று. அவர் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்ன தொகை 18,000. பழைய லேத்தில் தேர்ந்த கை அவருடையது. பட்டறைகளோ கணினி பொருத்திய யந்திரங்களுக்கு மாறிவிட்டிருந்தன.

இப்போது, நான் வகுத்துக்கொண்டதாகச் சொன்ன கணக்குக்கு வருகிறேன். திட்டத்தை ஏற்காமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நிர்வாகம் சொல்வது, ஆலை மூடப்படும், அப்போது இதுவும் கிடைக்காது என்பது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சட்டப்படி ஆலை மூடப்பட்டால், அப்போது நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்த அளவில், சேவை ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடாக உண்டு. டர்னர் ஆலையிலேயே இருந்து, 23 மாதம் கழித்து ஆலை மூடப்படுகிறது என்று கொண்டால், அந்த 23 மாதத்துக்கு 78,000 வீதம் அவர் வாங்கும் சம்பளம் 17,94,000 ரூபாய். சேவை அப்போது 28 ஆண்டாகக் கணக்காகும். 15 வீதம் 420 நாள், நாளைக்கு 2,000 வீதம் 8,40,000. மொத்தம் 26,34,000. இப்போதே விலகினாலோ, 22,20,000 ரூபாயோடு, வெளியே 18,000 வீதம் 23 மாதத்தில் சம்பாதிக்கும் 4,14,000 சேர்ந்து, அதே 26,34,000. இரண்டு பாதைகளும் 23-ஆவது மாதத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதற்கு முன் ஆலை மூடப்பட்டால் விலகியது லாபம். அதற்குப் பின் ஒவ்வொரு மாதமும் ஆலை நடக்குமானால் இருந்தது லாபம். வரியையும், முன்னதாகக் கிடைக்கும் பணத்தின் வட்டியையும், தொடர்ந்து இருப்பவருக்குச் சேரும் வைப்பு நிதிப் பங்கையும் நான் இதில் சேர்க்கவில்லை. இவை ஒன்றுக்கொன்று ஓரளவு ஈடு செய்துகொள்வதால், 23 என்பது இரண்டொரு மாதம் முன்பின்னாகலாம், அவ்வளவே.

இந்தக் கணக்கு வந்தபின் விசாரிக்க வேண்டிய விஷயம் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது: இந்த ஆலை இன்னும் 23 மாதம் சம்பளம் கொடுக்குமா? அதை அறியப் பிரசங்கங்களையும் வதந்திகளையும் நம்ப வேண்டியதில்லை, அடையாளங்கள் உண்டு. வைப்பு நிதிப் பாஸ்புத்தகத்தைத் திறந்து பார்த்தால், சம்பளத்தில் பிடித்த பணம் மாதந்தோறும் கட்டப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நலிந்துவரும் நிறுவனம் அநேகமாக முதலில் தவறவிடுவது இதைத்தான். சொசைட்டிக்காகப் பிடித்த பணம் சொசைட்டிக்குப் போய்ச் சேருகிறதா என்பது இரண்டாவது. கச்சாப் பொருள் கொடுப்பவர்கள் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தி, ரொக்கம் கேட்கத் தொடங்கினார்களா என்று ஸ்டோர்ஸில் விசாரிக்கலாம். தேய்ந்த யந்திரங்களுக்கு உதிரிப்பாகம் வாங்காமல், ஒன்றைக் கழற்றி மற்றொன்றுக்குப் பொருத்துகிறார்களானால், வருங்காலத்தைப் பற்றி நிர்வாகமே நம்பிக்கை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். பிரிவுக்குப் பிரிவு இது வேறுபடும் என்பதையும் மறக்கலாகாது. எங்கள் ஆலையில் வார்ப்படச் சாலைக்கு வேலையே இல்லாமல் போய், அங்கிருந்தவர்களை வெளிமாநிலக் கிளைக்கு மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கருவி அறைக்கோ கை நிறைய வேலை இருந்தது, வைப்பு நிதியும் மாதந்தவறாமல் கட்டப்பட்டு வந்தது.

சட்டத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்தபின் மனம் மாறினால் திரும்பப் பெறலாமா என்ற வழக்கு, வங்கிகளின் திட்டத்தை ஒட்டி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பேங்க் ஆஃப் இந்தியாவுக்கும் சுவர்ணகர் என்பவருக்கும் இடையிலான அந்த வழக்கில், திட்டம் என்பது ஊழியர்களை முன்வரும்படி அழைக்கும் அழைப்பே, விண்ணப்பமே முன்மொழிவு, அதை நிர்வாகம் ஏற்பதற்கு முன் அவர் திரும்பப் பெறலாம் என்று நீதிமன்றம் விளக்கிற்று. ஆனால் ஏற்புக்குப் பின் பணத்தையும் வாங்கிக்கொண்டவர் பின்வாங்க முடியாது. ஆகவே விண்ணப்பத்தையும், திரும்பப் பெறும் கடிதத்தையும், தேதியும் முத்திரையும் இட்ட ரசீது பெற்றே கொடுக்க வேண்டும். ஒரு நாள் வித்தியாசம் வழக்கின் கதியையே மாற்றிவிடும்.

இரண்டாவது, முன்பு குறிப்பிட்ட சம்பள உடன்படிக்கை. நலிந்த நிறுவனங்களில் சம்பளத் திருத்தம் பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். பழைய சம்பளத்தில் கணக்கிட்டு விருப்ப ஓய்வு கொடுப்பார்கள். பின்னால் திருத்தம் வந்தால் தமக்கும் நிலுவை வரும் என்று எண்ணிக்கொண்டு போனவர்கள் பலர். உரத் தொழிற்சாலை ஊழியர்கள் தொடுத்து, பிண்டால் வழக்கு என்று பெயர் பெற்ற வழக்கில், 2003இல் உச்ச நீதிமன்றம், விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு விலகியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள உறவு அத்தோடு முடிந்துவிடுகிறது, பிறகு பழைய காலத்துக்கான சம்பளத் திருத்தத்தைக் கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. ஆதலால் உடன்படிக்கை நிலுவையிலிருக்கும்போது வெளியேறுகிறவர், திருத்தப்பட்ட சம்பளத்தில் வித்தியாசம் கொடுக்கப்படும் என்ற வாசகம் திட்டத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஸ்டோர்ஸ் எழுத்தரை நான் தயங்காமல் போகச் சொன்னதற்கும், அடுத்த கிளையில் இருந்த அவருடைய உறவினரைப் பொறுத்திருக்கச் சொன்னதற்கும் காரணம் இதுவே. அந்தக் கிளையில் பேச்சுவார்த்தை முடியும் தறுவாயில் இருந்தது.

டர்னரும் அவர் மனைவியும் 23 மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். விண்ணப்பிக்கும் கெடு முடிவதற்கு முன் அவர் மறுபடி வந்து, “சார், நான் எழுதிக் கொடுக்கலை. ஜாமீன் விஷயத்தை மட்டும் இப்பவே மாத்திக்கிறேன், அடுத்த தடவைக்கு ஆகும்” என்றார். வார்ப்படச் சாலையில் அவர் வயதையே ஒத்த மோல்டர் ஒருவர், தம் மைத்துனரின் வார்ப்படப் பட்டறையில் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலையை உறுதி செய்துகொண்டு, அதே திட்டத்தில் விண்ணப்பித்து விலகினார். அவருக்குச் சொசைட்டிக் கடன் இல்லை. வெளிமாநிலத்துக்கு மாறிப் போனால் இரண்டு இடத்தில் குடித்தனம் நடத்த வேண்டிய செலவும், தாயாரைத் தனியே விட்டுப் போகவேண்டிய நிலையும் இருந்தன. அந்த இரண்டாவது குடித்தனச் செலவை ஆலைச் சம்பளத்திலிருந்து கழித்து நாங்கள் கணக்கிட்டபோது, அவருக்கு இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடம் 23 மாதத்திலிருந்து நான்கு ஆண்டுக்கு அப்பால் தள்ளிப் போயிருந்தது.